‘ஆடுகளம்’ படத்தின் கடைசிப் பட்டியல்

2011 பொங்கலுக்கு வெளியான ‘ஆடுகளம்’ முடியும்போது திரையில் ஒரு பட்டியல் ஓடும். தியேட்டரில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் எழுந்து வாசலுக்கு வந்திருப்பார்கள். இந்தப் படம் உருவாகத் தூண்டுதலாக இருந்த படங்களையும் ஒரு நூலையும் இயக்குநர் வெற்றிமாறன் அதில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். மெக்சிகோ நாட்டு ‘அமோரஸ் பெர்ரோஸ்’, ‘பேபல்’, மைக்கேல் ஹனேகேயின் பிரெஞ்சுப் படம் ‘காஷே’ ஆகியவற்றோடு ‘தேவர் மகன்’, ‘விருமாண்டி’, ‘பருத்திவீரன்’, ‘சுப்பிரமணியபுரம்’ ஆகிய தமிழ்ப் படங்களும் அதில் இருந்தன. அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ என்ற நாவலும் இருந்தது. எங்கிருந்து எடுத்தாய் என்று யாரும் கேட்பதற்கு முன்பே, கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கிணற்றைக் காட்டுவது போன்ற செயல் அது. தமிழ் சினிமாவில் இது அபூர்வம்.

ஒரு இயக்குநரைப் பிடித்துப்போனால் அவர் பார்த்த படங்களைத் தேடிப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. அந்த ஆசைக்கு வெற்றிமாறனைவிட நல்ல தொடக்கம் தமிழில் இல்லை. அவர் ராணிப்பேட்டையில் வளர்ந்தவர்.  அந்த ஊரில் வளர்ந்த ஒருவருக்கு ரோமும் கொல்கத்தாவும் மெக்சிகோவும் எந்த வழியாக வந்து சேர்ந்தன என்று பின்னோக்கி நடந்து பார்ப்பதுதான் இந்தத் தேடலின் ருசி. கூடவே, அதில் வழி தவறும் இடங்களும் நிறைய இருக்கின்றன.

முதல் தவறு, ஒத்திருப்பதை எல்லாம் தாக்கம் என்று எடுத்துக்கொள்வது. அதற்குச் சரியான உதாரணம் 2007 தீபாவளிக்கு வந்த அவருடைய முதல் படம் ‘பொல்லாதவன்’. நடுத்தரக் குடும்பத்துப் பையன் ஒருவனின் பைக் திருட்டுப் போகிறது, அவன் அதைத் தேடி அலைகிறான். உலக சினிமா பார்த்த யாருக்கும் உடனே நினைவுக்கு வருவது விட்டோரியோ டி சிகா 1948இல் எடுத்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. பலர் அத்தோடு முடித்துக்கொள்கிறார்கள்: இத்தாலிய சைக்கிள் சென்னையில் பல்சர் ஆகிவிட்டது, அவ்வளவுதான் என்று. ஆனால் வெற்றிமாறன் இந்தக் கதைக்கு வித்தாகச் சொன்னது நண்பர் ஒருவரின் பைக் திருட்டுப் போன சம்பவத்தை. இரண்டில் எது உண்மை என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. கதை ஒரு சம்பவத்திலிருந்து வரலாம், அதைச் சொல்லும் முறை வேறொரு படத்திலிருந்து வரலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது எங்கே நிற்கிறது என்று தெரியும்.

இத்தாலியப் படத்தில் அந்தோனியோ ரிச்சிக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. வேலைக்குச் சைக்கிள் கட்டாயம். சைக்கிளோ அடகுக் கடையில் இருக்கிறது. வீட்டுப் படுக்கை விரிப்புகளை மனைவி மரியா மூட்டை கட்டிக் கொண்டுபோய் அடகு வைத்து அதை மீட்கிறாள். அந்த விரிப்பு மூட்டையை ஊழியர் ஒருவர் தூக்கிக்கொண்டு, கூரை வரை அடுக்கியிருக்கும் மற்ற மூட்டைகளின் மேல் ஏறி வைப்பதை டி சிகா காட்டுகிறார். ஒரு வசனமும் கிடையாது. இந்த நகரத்தில் எத்தனை குடும்பங்கள் விரிப்பில்லாமல் தூங்குகின்றன என்பது அந்த ஏணியில் தெரிந்துவிடுகிறது. வேலைக்குப் போன முதல் நாளே, ஏணி மேல் நின்று சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போது சைக்கிள் போய்விடுகிறது. போலீஸுக்கு அது ஒரு சைக்கிள், வேறொன்றும் இல்லை. மறுநாள் நண்பர்கள் சந்தைக்குப் போய் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள்: ஒருவர் டயர்களைப் பார்க்க வேண்டும், ஒருவர் பிரேம், சிறுவன் புருனோ பெல்லும் பம்பும். திருட்டுச் சைக்கிள் முழுதாக விற்பனைக்கு வராது, உதிரியாகத்தான் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

‘பொல்லாதவன்’ இந்தச் சந்தைக் காட்சியைப் பிடித்துக்கொண்டு பெரிதாக வளர்கிறது. திருட்டு பைக் எங்கே போகிறது, யார் கை மாறுகிறது, யாருக்கு எவ்வளவு லாபம் என்று அந்தத் தொழிலின் உள்ளே நுழைகிறது. ரோமில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துபோகும் தேடல், சென்னையில் ஒரு பாதாள உலகத்துக்குப் படி இறக்குகிறது. தகப்பன்-மகன் உறவும் தலைகீழாகிறது. அங்கே அப்பாவின் சைக்கிள் போகிறது, மகன் கூட நடக்கிறான். இங்கே சண்டை போட்டு அப்பா கொடுத்த காசில் வாங்கிய பைக் மகனுடையது. அது வந்த பிறகுதான் வீட்டில் அவனுக்கு மரியாதையும் வருகிறது. அதனால் போனது வாகனம் மட்டும் இல்லை.

ஆனால் நுட்பமாகப் பார்க்கிறவருக்குக் கிடைப்பது இன்னொரு இடம். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தின் பிற்பகுதியில் அந்தோனியோ திருடனைக் கண்டுபிடித்து அவன் தெருவுக்கே போகிறான். திருடனுக்கு வலிப்பு வருகிறது, தெருவே கூடி நிற்கிறது. அவன் அம்மா போலீஸ்காரரை உள்ளே அழைத்துக் காட்டுகிற வீடு ஒரே அறை. திருடனும் ரிச்சியைப் போலவே இல்லாதவன் என்று தெரிய அந்த ஒரு நிமிடம் போதும். டி சிகா அங்கிருந்து நகர்ந்துவிடுகிறார். வெற்றிமாறன் நகரவில்லை. கிஷோர் நடித்த செல்வம் என்ற ரவுடிக்குத் தன் கதையைத் தானே சொல்லும் குரலைக் கொடுக்கிறார். நாயகன் பிரபு ஒரு பக்கமிருந்து சொல்கிறான், செல்வம் மறுபக்கமிருந்து சொல்கிறான், நடுவில் பைக் நிற்கிறது. டி சிகா திறந்து பார்த்துவிட்டு மூடிய கதவுக்குள் வெற்றிமாறன் குடியேறினார் என்று சொல்லலாம்.

அந்த இரட்டைக் குரல் எங்கிருந்து வந்தது? இத்தாலியில் அது இல்லை. 2004இல் வந்த கமல்ஹாசனின் ‘விருமாண்டி’யில் இருக்கிறது. ஒரே சம்பவத்தைக் கொத்தாளத் தேவர் ஒருவிதமாகவும் விருமாண்டி வேறுவிதமாகவும் சொல்கிறார்கள். அந்த அமைப்புக்கு மூலம் குரோசாவாவின் 1950ஆம் ஆண்டுப் படமான ‘ரஷோமோன்’. ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ‘ரஷோமோன்’, ‘விருமாண்டி’ இரண்டிலும் குரல்கள் ஒன்றையொன்று மறுக்கின்றன. யாரை நம்புவது என்பதே கேள்வி. ‘பொல்லாதவன்’ படத்தில் இரண்டு குரல்களும் உண்மைதான் சொல்கின்றன. ஒருவனுக்குத் தெரியாததை மற்றவன் நிரப்புகிறான். கருவி அதே கருவி, வேலை வேறு. ஒரு இயக்குநரின் கைரேகை தெரிவது இந்த மாதிரி இடங்களில்தான். அவர் எதை எடுத்தார் என்பதைவிட, எடுத்ததை என்ன செய்தார் என்பது அவரைப் பற்றி அதிகம் சொல்லும். பிரபு கடைசியில் அடித்து நொறுக்கி ஜெயிப்பதும், ரிச்சி தானே ஒரு சைக்கிளைத் திருடப்போய் மகன் கண்ணெதிரில் பிடிபட்டு அவமானப்படுவதும் இரண்டு சினிமாக்களுக்கு நடுவிலுள்ள தூரம். அந்த இடத்தில் ‘பொல்லாதவன்’ தமிழ் மசாலாப் படத்தின் பழக்கத்துக்கு விட்டுக்கொடுத்தது என்பதே நேர்மையான மதிப்பீடு.

‘ஆடுகளம்’ பட்டியலுக்குத் திரும்புவோம். அதை வைத்துக்கொண்டு பழைய படங்களைப் பார்க்கத் தொடங்குகிற எவரும் முதலில் ‘அமோரஸ் பெர்ரோஸ்’ பக்கம்தான் போவார்கள். அலெஹாண்ட்ரோ கொன்சாலஸ் இன்யாரிட்டு 2000இல் எடுத்த முதல் படம். மெக்சிகோ நகரத்தில் நாய்ச் சண்டையில் பணம் கட்டுகிறார்கள். ஒக்தாவியோ என்ற இளைஞன் அண்ணன் வீட்டு நாயான கோஃபியைச் சண்டைக்கு விட்டுச் சம்பாதிக்கிறான். அண்ணன் மனைவியோடு ஊரைவிட்டுப் போவது அவன் கனவு. மதுரையில் ‘ஆடுகளம்’ நாயகன் கருப்பு, ஆகாது என்று குரு ஒதுக்கிய சேவலை வைத்து ஜெயிக்கிறான், ஐரினோடு வாழ நினைக்கிறான். இரண்டு படங்களிலும் ஜெயித்த பணம் கையில் நிற்பதில்லை. விலங்குச் சண்டை, பந்தயம், காதல், கைவிட்டுப் போகும் காசு என்று ஒற்றுமை கண்ணை உறுத்துகிற அளவுக்கு இருக்கிறது. பார்வையாளர் நோட்டுப் புத்தகத்தை மூடிவிடும் ஆபத்து இங்கேதான்.

மூடக்கூடாது. ‘ஆடுகளம்’ படத்தின் உயிர் சேவல் சண்டையில் இல்லை. ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் நடித்த பேட்டைக்காரன் என்ற கிழவனின் மனதில் இருக்கிறது. தான் வளர்த்த பையன் தன்னை மிஞ்சிவிட்டான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அந்தப் பொறாமையில் ஒரு பொய் சொல்கிறார், பிறகு அதைக் காப்பாற்ற இன்னொரு பொய். மெக்சிகோ படத்தில் இப்படி ஒரு ஆள் கிடையாது. பட்டியலில் இருக்கும் மற்ற இரண்டு பெயர்களுக்குப் போனால்தான் அவர் வந்த வழி புலப்படுகிறது.

ஒன்று ‘ரூட்ஸ்’. 1976இல் வெளிவந்த இந்த நாவல், அமெரிக்காவுக்கு அடிமையாகக் கொண்டுபோகப்பட்ட ஒரு ஆப்பிரிக்கரின் குடும்பத்துடைய ஏழு தலைமுறைக் கதை. அதில் ஜார்ஜ் என்ற இளைஞன் தன் எஜமானின் பந்தயச் சேவல்களைப் பழக்குகிறான். சிக்கன் ஜார்ஜ் என்றே அவனுக்குப் பெயர். அந்தத் தொழிலை அவனுக்குக் கற்றுத்தருபவர் மிங்கோ என்ற வயதான மனிதர். பிள்ளைகளைப்போலச் சேவல்களைப் பார்த்துக்கொண்டு தனியாக வாழ்கிறவர். பையன் கைதேர்ந்தவன் ஆக ஆக, கிழவரின் இடம் சுருங்குகிறது. பேட்டைக்காரனுக்கும் கருப்புக்கும் நடுவில் இருக்கும் உறவின் எலும்புக்கூடு இந்தப் பக்கங்களில் கிடைக்கிறது. ‘மூலப் படம்’ என்று சினிமாவை மட்டுமே தேடுகிறவர் இதைக் கோட்டைவிடுவார்.

இன்னொன்று ‘காஷே’. 2005இல் வந்த படம். பாரிஸில் வசதியாக வாழும் ஒரு தொலைக்காட்சிப் பிரமுகரின் வீட்டு வாசலை யாரோ படம் பிடித்து வீடியோ கேசட்டாக அனுப்புகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மதுரைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கதையின் அடியில் கிடப்பது அவர் சிறுவனாக இருந்தபோது சொன்ன ஒரு பொய். தன் வீட்டில் தங்கவந்த அல்ஜீரியப் பையன் மஜீத்மேல் பொறாமைப்பட்டு, அவனை வீட்டைவிட்டுத் துரத்த ஜார்ஜ் என்ற அந்தச் சிறுவன் ஒரு தந்திரம் செய்கிறான். அந்தத் தந்திரத்தில் மஜீத் ஒரு சேவலின் தலையை வெட்டுகிறான். படம் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். பொறாமையில் பிறந்த ஒரு பொய், அதனால் நாசமாகும் ஒரு வாழ்க்கை, நடுவில் ஒரு சேவலின் ரத்தம். ‘ஆடுகளம்’ படத்துக்கு ‘காஷே’ கொடுத்தது கதையை இல்லை, அதன் நியாயத்தை என்று படுகிறது. பேட்டைக்காரன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்ளும் முடிவைப் பார்த்துவிட்டு, ‘காஷே’யில் வளர்ந்த மஜீத் ஜார்ஜின் கண்ணெதிரில் செய்வதைப் பார்த்தால், பட்டியலில் அந்தப் பெயர் ஏன் இருக்கிறது என்ற சந்தேகமே வராது.

தமிழ்ப் படங்களில் ‘பருத்திவீரன்’, ‘சுப்பிரமணியபுரம்’ இரண்டையும் பற்றி வேறு மாதிரிப் பேச வேண்டும். மதுரை வட்டார மண்ணையும் பேச்சையும் ஒப்பனையில்லாத முகங்களையும் திரைக்குக் கொண்டுவந்தவை. அமீரின் படம் 2007, சசிகுமாரின் படம் 2008. வெற்றிமாறன் இவற்றிலிருந்து கற்றார் என்பதற்கு அவர் வாக்குமூலமே இருக்கிறது. ஆனாலும் இந்த மூன்று படங்களின் சாயல் ஒன்றுபோல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சசிகுமார் அமீரிடம் வேலை பார்த்தவர். அமீர் பாலாவிடம். பாலா பாலுமகேந்திராவிடம். வெற்றிமாறனும் பாலுமகேந்திராவிடம்தான். ஆக இவை பங்காளிப் படங்கள். பங்காளிகளின் முகச்சாயல் ஒத்துப்போனால், ஒருவன் மற்றவனைப் பார்த்து மாறினான் என்று அர்த்தமில்லை. தாத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த வீட்டின் செல்வாக்கு வடக்கேயும் போயிருக்கிறது. இந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் 2012இல் எடுத்த ‘கேங்ஸ் ஆஃப் வாசிப்பூர்’ படத்தை மதுரை மும்மூர்த்திகள் என்று சொல்லி பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் காணிக்கையாக்கினார்.

தாத்தா பாலுமகேந்திரா 1939இல் மட்டக்களப்பை ஒட்டிய அமிர்தகழியில் பிறந்தவர். சிறுவயதில் பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீன் ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். இயக்குநர் மழை என்று சொன்னதும் மழை பெய்ததைப் பார்த்த பிரமிப்பில்தான் சினிமா ஆசை வந்தது என்று பாலுமகேந்திரா பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் எடுத்த படங்களில் லீனின் பிரம்மாண்டம் துளியும் இல்லை. தேடல் செய்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆசையை மூட்டிய படம் ஒன்றாகவும் பாணியைக் கொடுத்த படம் வேறொன்றாகவும் இருக்கலாம். அவருக்குப் பாணியைக் கொடுத்தது சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’. அந்த ராய் 1950இல் விளம்பர நிறுவன வேலையாக லண்டன் போனபோது சில மாதங்களில் நூறு படங்கள் அளவுக்குப் பார்த்தார். அவற்றில் அவரை உலுக்கியது ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. ஸ்டூடியோ இல்லாமல், தெரிந்த நட்சத்திரம் இல்லாமல், நிஜமான இடங்களில் படம் எடுக்கலாம் என்ற துணிவோடு ஊர் திரும்பினார். 1952 அக்டோபரில் படப்பிடிப்பைத் தொடங்கினார், 1955இல் படம் வந்தது.

இப்போது சங்கிலி முழுசாகிறது. ‘பொல்லாதவன்’ படத்தில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ தெரிவதற்கு, வெற்றிமாறன் அந்தப் படத்தை நேரே பார்த்தது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ரோமிலிருந்து லண்டன் வழியாகக் கொல்கத்தா போய், அங்கிருந்து சாலிகிராமம் வந்து, அவர் குருவின் வழியாகவும் அது வந்து சேர்ந்திருந்தது. நடுவில் இருக்கும் கண்ணியைப் பார்க்க வேண்டுமென்றால் 1988இல் வந்த ‘வீடு’ பார்க்க வேண்டும். அர்ச்சனா நடித்த சுதா, தாத்தாவோடும் தங்கையோடும் வாடகை வீட்டில் இருக்கிறாள். காலி செய்யச் சொல்கிறார்கள். இருக்கும் மனையில் சொந்தமாக வீடு கட்ட இறங்குகிறாள். சைக்கிளுக்குப் பதில் வீடு. ஒரே ஒரு பொருள், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சாதாரண ஆள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தேய்வது. படத்தில் பாட்டே கிடையாது. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாகப் போகிறார். சுவரைத் தடவிப் பார்க்கிறார். திரும்பும் வழியில் இறந்துபோகிறார். கடைசியில் வீடும் சுதாவுக்குக் கைகூடுவதில்லை. நிலத்தை அரசு கையகப்படுத்திவிட்டது என்று தெரியவருகிறது. ரிச்சி கூட்டத்தில் கரைந்துபோகும் முடிவின் தங்கை இந்த முடிவு.

பாலுமகேந்திரா தன் உதவியாளர்களுக்கு வைத்த பாடம் படம் பார்ப்பது மட்டும் இல்லை. சன் டிவிக்காக அவர் செய்த ‘கதை நேரம்’ தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக்கியது. உதவியாளர்கள் கதைகளைப் படித்து, சுருக்கி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தின் விளைச்சலை வெற்றிமாறனின் பிற்காலப் படங்களில் நேராகவே பார்க்கலாம். ‘விசாரணை’க்கு மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’, ‘அசுரன்’ படத்துக்குப் பூமணியின் ‘வெக்கை’, ‘விடுதலை’க்கு ஜெயமோகனின் ‘துணைவன்’. இந்தப் படங்களுக்குப் பழைய சினிமாவில் மட்டும் வேர் தேடினால் பாதி வேர் கிடைக்காது.

ஜவ்வாது மலைப் பக்கத்து ஆட்களுக்கு ‘விசாரணை’ இன்னொரு பொறியையும் வைத்திருக்கிறது. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் இந்த மலையையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் ‘விசாரணை’ திரையிடப்பட்டது. ஆந்திர போலீஸிடம் சிக்கிச் சித்திரவதைப்படும் தமிழ்த் தொழிலாளர்களின் கதை அது. அந்தச் சாவுகளை அருகிலிருந்து அறிந்த ஒருவர் படத்தைப் பார்த்தால், அந்தச் சம்பவத்திலிருந்துதான் இது பிறந்தது என்று அடித்துச் சொல்வார். ஆனால் அடிப்படை, சந்திரகுமார் 1983இல் குண்டூரில் அனுபவித்ததை எழுதிய புத்தகம். படம் பார்ப்பவரின் மனதில் ஒட்டிக்கொள்வதும் படம் எடுத்தவரின் மனதிலிருந்து வந்ததும் வேறு வேறு. இந்தப் பிழையைத் தவிர்க்க ஒரு எளிய பழக்கம் போதும்: இரண்டு பெயர்களை இணைத்துக் கோடு போடும் முன் இரண்டுக்கும் ஆண்டைப் பக்கத்தில் எழுதிவிடுவது. பல கோடுகள் அப்போதே அறுந்துவிடும்.

இந்தத் தேடலை நேர்வரிசையில் செய்வதா, பின்னோக்கிச் செய்வதா என்று கேட்டால், பின்னோக்கித்தான். ‘பொல்லாதவன்’, ‘வீடு’, ‘பதேர் பாஞ்சாலி’, ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ என்ற வரிசையில் வாரத்துக்கு ஒன்று பார்க்கலாம். தெரிந்த முகத்திலிருந்து தெரியாத முகத்துக்குப் போகும்போது சப்டைட்டிலும் கருப்பு வெள்ளையும் பாரமாகத் தெரியாது. ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு காட்சியை இரண்டாம் முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். கேமரா எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, எப்போது வெட்டு விழுகிறது, யார் முகத்தில் காட்சி முடிகிறது என்று அப்போதுதான் கண்ணில் படும். பாணி அங்கே இருக்கிறது. கதைச் சுருக்கத்தில் இல்லை.

ஆனால் இதெல்லாம் பழைய படம் கையில் கிடைத்தால்தான். 1993இல் லண்டன் லேப் ஒன்றில் பிடித்த தீயில் ‘பதேர் பாஞ்சாலி’யின் மூல நெகட்டிவ் கருகியது. கருகியதில் தேறிய பகுதிகளை எடுத்து, சட்டம் சட்டமாகச் சீர்செய்து 2015இல் புதிய பிரதியை உருவாக்கினார்கள். இன்று நாம் பார்ப்பது அதை. ‘வீடு’ படத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ உள்ளிட்ட தன் படங்களின் நெகட்டிவே இல்லாமல் போய்விட்டது என்று பாலுமகேந்திரா மேடைகளில் குரல் உடைந்து சொன்னார். தமிழ்நாட்டுக்கென்று ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டார். அவருடைய கடைசிப் படமான ‘தலைமுறைகள்’ 2013இல் வந்தது. தயாரித்தவர் பேரப்பிள்ளை வரிசையிலிருந்த சசிகுமார். 2014 பிப்ரவரியில் பாலுமகேந்திரா காலமானார். நூறு ஆண்டுகளுக்கு மேல் படம் எடுத்துவரும் தமிழ்நாட்டில், எஞ்சியிருக்கும் நெகட்டிவ்களையும் பிரதிகளையும் சேகரித்துக் குளிரறையில் பாதுகாக்கும் அந்தக் காப்பகத்தை அரசும் திரையுலகமும் சேர்ந்து இப்போதாவது கட்ட வேண்டும்.